படத்தில் சிவப்பு விழவில்லை

நான் பண்ருட்டிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் கைப்புண், வயலில் நிற்பவர்களின் சேற்றுப்புண், வெயில் காலத்துப் படர்தாமரை, மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் தடிப்பு என்று தோல் பிரச்சினைக்காக வருகிறவர்கள் எங்களிடம் நிறைய. தோல் மருத்துவர் இருப்பது மாவட்ட ஆஸ்பத்திரியில். பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வர எல்லாராலும் முடியாது. அதனால் சந்தேகமாக இருக்கும் தோலைப் படம் பிடித்து அனுப்பி யோசனை கேட்பது எங்களுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாகவும் கேட்கிறோம். கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த ஒரு தோல் மருத்துவரிடம் நேராகவும் கேட்பேன். அவரை இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். படம் சரியில்லை என்றால் அவர் திட்டவும் செய்வார்.

படம் அனுப்பினால் போதும், பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நோயாளிகளும் நினைக்கிறார்கள், புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களும் நினைக்கிறார்கள். நம் நிறத் தோலில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு நோயாளியின் காலை வைத்துச் சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு சாயங்காலம் வந்தார். நல்ல கறுத்த நிறம். இடது கெண்டைக்காலுக்குக் கீழே கனமாக இருக்கிறது, நடந்தால் வலிக்கிறது என்றார். சிஸ்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, வெள்ளை விரிப்பின்மேல் காலை நீட்டச் சொல்லி, டியூப்லைட் வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். படத்தில் தெரிந்தது ஒரு கறுத்த காலும், கணுக்காலைச் சுற்றி அதைவிடக் கொஞ்சம் கறுத்த ஒரு திட்டும். பார்த்தால் நரம்பு சுருட்டிக்கொண்ட கால்களில் வருடக்கணக்கில் படியும் பழைய கறை மாதிரியே இருந்தது.

அக்கா நோய்ப் பெயர் எதையும் சொல்லவில்லை. போன் பண்ணி வரிசையாகக் கேள்வி கேட்டார். "கறுப்பு பழசா, புதுசா? ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா? புறங்கையை வச்சுப் பாரு, சூடா இருக்கா? விரல் இடுக்குல என்ன இருக்கு?"

கறுப்பு இரண்டு நாளாகத்தான். ஒரு காலில் மட்டும். புறங்கையை முதலில் வலது காலில் வைத்து, பிறகு இடது காலில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரிந்தது. இடது கால் கொதித்தது. நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு இடையே சேற்றுப்புண், தோல் வெளுத்து வெடித்திருந்தது. கிருமி உள்ளே போன வாசல் அதுதான். முந்தின இரவு குளிர் எடுத்தது என்று மகன் அப்புறம்தான் சொன்னார். இது செல்லுலைட்டிஸ், தோலுக்கு அடியில் உள்ள திசுவில் கிருமித் தொற்று. சர்க்கரை உள்ளவருக்கு இதைக் காத்திருந்து பார்க்க முடியாது. வலி இருந்த இடத்தின் எல்லையைப் பேனாவால் சுற்றி வரைந்து, நேரத்தையும் பக்கத்திலேயே எழுதி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். அங்கே ஊசி வழியாக ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பேனாக் கோட்டைத் தாண்டித் தொற்று போகிறதா என்று பார்ப்பதற்கு நிறமே தேவைப்படவில்லை, தொட்டுப் பார்த்தாலே போதும்.

பாடப்புத்தகத்தில் செல்லுலைட்டிஸ் படத்தைத் திறந்தால் தக்காளிச் சிவப்பில் ஒரு கால் இருக்கும். அது வெள்ளைக்காரரின் கால். நம் தோலில் அதே வீக்கம் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ வரும். நிறம் நன்றாகக் கறுத்திருந்தால் சுற்றியுள்ள தோலைவிட ஒரு படி கறுப்பாக மட்டும் தெரியும். இதற்குக் காரணம் எளிது. சிவப்பாகத் தெரிவது தோலுக்கு அடியில் விரிந்த ரத்தக் குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு மேலே மெலனின் ஒரு திரைபோல இருக்கிறது. உள்ளே போகும் ஒளியிலும் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொள்கிறது, திரும்பி வரும் ஒளியிலும் ஒரு பங்கை உறிஞ்சுகிறது. மிச்சமாக வெளியே வருகிற சிவப்புச் சாயல் மிகக் கொஞ்சம். நேரில் பார்க்கும்போது தலையைச் சாய்த்து, காலைத் திருப்பி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அந்தக் கொஞ்சத்தையும் கண் பிடித்துவிடும். கேமராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தோல் நிறத்தைச் சொல்ல டாக்டர்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதில் 4 முதல் 6 வரையிலான வகைகளில் வருவோம். 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் இதை உருவாக்கியது புற ஊதாக் கதிர் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு. வெயிலில் தோல் எரியுமா, கறுக்குமா என்பதுதான் அதன் கேள்வி. முதலில் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள்தான் இருந்தன, பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. நம்மைப் பின்னால் சேர்த்துக்கொண்ட அளவுகோலை வைத்து நம் நிறத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அக்கா சிரிப்பார். ஆனாலும் அனுப்பும் குறிப்பில் நோயாளியின் நிறத்தை எழுதச் சொல்லுவார். படத்தில் தெரியும் நிறம் உண்மையா என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.

சரி, சிஸ்டர் எடுத்த படத்தில் என்ன நடந்தது? கேமராவுக்கு எது தோல், எது துணி என்ற கணக்கு முக்கியமில்லை. மொத்தப் படத்தின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் அது முயலும். வெள்ளை விரிப்பு பாதிப் படத்தை அடைத்திருந்ததால், வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிட்டது. கால் முழுக்க ஒரே கறுப்பாகிவிட்டது. புதுக் கறுப்புக்கும் இயல்பான நிறத்துக்கும் இருந்த சிறு வித்தியாசம் அதில் அமுங்கிப் போனது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கறுத்த தோலை மட்டும் படம் முழுக்க வருமாறு நெருங்கி எடுத்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து கேமரா தூக்கிக் காட்டும். தோல் மாநிறமாகி, லேசான சாயலெல்லாம் வெளுத்துப் போகும். நல்ல தெளிவான படம் என்று நாம் சந்தோஷப்படுவோம், நோய் அதில் இருக்காது.

வெளிச்சத்தின் நிறம் வேறு. விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பு தோலில் பட்டுத் திரும்ப முடியாது. மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால் எல்லாமே சிவந்து தெரியும். எங்களுடைய பச்சைத் திரைச்சீலைதான் இரண்டு வகையிலும் ஏமாற்றும். திரைக்குப் பக்கத்தில் நின்றால் அதன் பச்சை ஒளி தோலில் விழுந்து இருக்கிற சிவப்பையும் தின்றுவிடும். அதே திரை படத்துக்குள்ளேயே பெரிதாக வந்துவிட்டால், பச்சை அதிகமாக இருக்கிறதே என்று கேமரா எதிர்ப்பக்கம் திருத்தி, இல்லாத இளஞ்சிவப்பைத் தோலில் பூசிவிடும். இது போதாதென்று போன் வாங்கிய நாளிலிருந்தே அணைக்கப்படாமல் இருக்கும் அழகு காட்டும் வசதி, செதிலையும் சின்னப் பருக்களையும் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறது.

கடைசியில் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குகிறது. வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றி, நிற வேறுபாட்டைத்தான் முதலில் தியாகம் செய்வது இந்தச் சுருக்கத்தின் வழக்கம். சட்டை, மரம், முகம் எல்லாம் நன்றாகத்தான் வரும். கறுத்த தோலில் இருக்கும் மெல்லிய ஊதாச் சாயல்தான் அடிபடும். HD என்று தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. Document ஆக அனுப்பினால் எடுத்த கோப்பு அப்படியே போகும். ஆனால் அதோடு படம் எடுத்த இடத்தின் விவரமும் போகலாம் என்பதால் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியை அணைத்து வைக்கிறோம்.

அந்த அம்மாவின் காலையே அக்கா சொன்னபடி மறுபடி எடுத்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கட்டிலை விட்டுத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து, நேர் வெயில் படாமல், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருமாறு நாற்காலியில் உட்கார வைத்தோம். விரிப்புக்குப் பதில் சாம்பல் நிறத் துண்டு. முதல் படத்தில் முழங்காலிலிருந்து பாதம் வரை இரண்டு கால்களும் ஒன்றாக. அந்த ஒரு படமே முந்தினதைவிட அதிகம் சொன்னது. வலது காலில் கணுக்கால் எலும்பு எடுப்பாகத் தெரிந்தது, இடது காலில் அது வீக்கத்தில் மறைந்திருந்தது; தோல் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளத்தது, அதிலுள்ள மெல்லிய ரேகைகள் காணாமல் போயிருந்தன. சிவப்பு அதிலும் தெரியவில்லை. தேவைப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் இதுதான். பாதிக்கப்பட்ட இடத்தோடு, அதே உடம்பின் மறுபக்கத்தையும் எப்போதும் சேர்த்து எடுப்போம். அவருடைய இயல்பான நிறம் எது என்பதற்கு அவருடைய மறு காலோ மறு கையோதான் சாட்சி. அப்புறம் ஒரு சாண் தூரத்திலிருந்து இன்னொரு படம். அதைவிட நெருங்கினால் பல போன்கள் குவியம் பிடிக்காமல் மங்கலாக்கும், அல்லது தானாகவே மட்டமான இன்னொரு லென்ஸுக்குத் தாவி நிறத்தை மாற்றிவிடும். புண் இருக்கும் இடத்தின்மேல் திரையில் ஒரு முறை தொட்டால் குவியமும் வெளிச்சமும் அந்த இடத்துக்கு ஏற்ப அமையும். தோல் நேரில் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரிந்தால், அப்போது வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரியும் நிறம் வரும்வரை குறைக்கலாம். மூன்றாவது படம் பக்கவாட்டில், வெளிச்சம் சாய்வாக விழும்படி. தடித்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். பிளாஷ் போடுவதே இல்லை. எண்ணெய்த் தோலில் அது வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிட்டு மேடு பள்ளத்தை அழித்துவிடும்.

படத்தின் ஓரத்தில் வெள்ளைத் தாளின் ஒரு சிறு துண்டை வைப்போம். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் தோலிலும் அந்த மஞ்சளைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று பார்ப்பவருக்குப் புரியும். துண்டு சிறியதாக இருக்க வேண்டும், முழுத் தாளை விரித்தால் வெள்ளை விரிப்பின் கதைதான்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். தேங்காய் எண்ணெய், காலமைன், பக்கத்துக் கடையில் வாங்கிய பெயர் தெரியாத டியூப் மருந்து எல்லாம் உண்டு. மஞ்சள் பூசிய தோலைப் படம் எடுத்து நிறம் கேட்பதில் அர்த்தமில்லை. கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காத்திருந்து எடுக்கிறோம், ஏனென்றால் தேய்த்தவுடன் எந்தத் தோலும் கொஞ்சம் மாறித்தான் தெரியும். எண்ணெய் தடவியிருந்தால் செதில் மறைந்துவிடும் என்பதையும் குறிப்பில் எழுதுகிறோம். டியூப் மருந்து என்றால் அதன் அட்டையையும் படம் எடுத்து அனுப்புவது கட்டாயம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிய படர்தாமரையில் வளையம் கலைந்து போயிருக்கும். அந்தத் தோலை எவ்வளவு நல்ல வெளிச்சத்தில் எடுத்தாலும் பார்ப்பவர் குழம்புவார், அட்டையைப் பார்த்தால் குழம்பமாட்டார்.

பார்க்கிறவரின் திரையும் ஒரு வெளிச்சம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டு வைக்கும் வசதி திரை முழுவதையும் மஞ்சளாக்குகிறது. அக்கா அதை அணைத்துவிட்டுத்தான் படத்தைத் திறப்பார். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் இருந்தபடி பார்த்துச் சொல்லும் நிற விஷயத்தை நானே நம்பமாட்டேன், காலையில் திரும்பப் பார்க்கிறேன் என்பார்.

கால் சரியான பிறகு மகன் ஒரு படம் அனுப்பினார். வீட்டில் வைத்து எடுத்தது. "டாக்டர், இன்னும் கறுப்பாவே இருக்கு, மருந்து போதலையா?" இது நம் தோலுக்கு உள்ள இன்னொரு சிக்கல். எந்த அழற்சியும் ஆறிய பிறகு அந்த இடத்தில் மெலனின் தங்கிவிடும், அது மங்கப் பல மாதங்கள் ஆகும். வெள்ளைத் தோலில் சிவப்பு போனால் நோய் போய்விட்டது என்று ஓரளவு சொல்லலாம். நம்மிடம் நோய் இருக்கும்போதும் கறுப்பு, போன பிறகும் கறுப்பு. படத்தை மட்டும் பார்த்து ஆண்டிபயாட்டிக்கை நீட்டிவிடவும் கூடும், இன்னும் மோசமாக, படர்தாமரை ஆறிய கறைக்குக் களிம்பைத் தொடர்ந்து தடவிக்கொண்டே இருக்கவும் கூடும். அவரிடம் சூடு இருக்கிறதா, அமுக்கினால் வலிக்கிறதா, கணுக்கால் எலும்பு தெரிகிறதா என்று கேட்டேன். சூடும் வலியும் இல்லை, எலும்பு தெரிகிறது. மருந்து எதுவும் கூட்டவில்லை. விரல் இடுக்கைக் காயவைக்கச் சொன்னேன், சேற்றுப்புண் திரும்பினால் காலும் திரும்ப வீங்கும்.

மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலோடு வரும் தடிப்புக்கு வேறொரு சோதனை முக்கியம். ரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு, அமுக்கினால் மறையும். குழாய்க்கு வெளியே ரத்தம் கசிந்து வந்த புள்ளி மறையாது. இதை அசையாத படத்தில் காட்ட வழியே இல்லை, அதனால் பத்து வினாடி வீடியோ எடுக்கிறோம். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தையோ, ஆய்வகக் கண்ணாடித் தகட்டையோ வைத்து அமுக்கி, உள்ளே தெரியும் தோலைக் காட்டி எடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடி உள்ளே வந்ததும் கேமரா தன் வெளிச்சக் கணக்கை மாற்றும். புள்ளி மறைந்தது நம் அமுக்கலாலா, கேமராவின் திருத்தத்தாலா என்று சொல்ல முடியாமல் போகும். திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். கறுத்த காலில் இதுவும் தெரியாவிட்டால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். மெலனின் குறைவாக இருக்கும் அந்த இடங்களில் நேரில் பார்ப்பதும் சுலபம், படமும் ஓரளவு நம்பத்தக்கது.

வெளிறிய தேமல்தான் படத்துக்குக் கொஞ்சமும் பிடி கொடுக்காதது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளுப்பு பெரும்பாலும் சாதாரணமானது. முதுகில் பொடிச் செதிலோடு வருவது பூஞ்சைத் தேமலாக இருக்கலாம். அதே வெளிறல் தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், அங்கே முக்கியமான அறிகுறி உணர்ச்சி இழப்பு. எந்தக் கேமராவாலும் அதை எடுக்க முடியாது. படம் எடுப்பதற்கு முன்னாலேயே பஞ்சைத் திரித்து அதன் நுனியால் சோதித்துவிடுகிறோம். முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டிப் புரியவைத்து, பிறகு கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். 'தெரியுதா' என்று கேட்டுக்கொண்டே தொட்டால் எல்லாரும் தெரியுது என்றுதான் சொல்வார்கள். முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் தொழுநோய்த் தேமலிலும் அங்கே உணர்ச்சி இருக்கக்கூடும். முகத் தேமலுக்கு இந்தச் சோதனை தெளிவாக வந்தாலும் நேரில்தான் அனுப்புகிறோம். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாமதமானால் கை கால் நரம்பு போய்விடும்.

இப்போது நாங்கள் அனுப்பும் குறிப்பில் நிறம் கடைசி வரியில்தான் வரும். எத்தனை நாள், எங்கே தொடங்கியது, சூடு, வலி, அரிப்பு, அமுக்கினால் மறைகிறதா, தடவிப் பார்த்தால் தடிப்பா சொரசொரப்பா, உணர்ச்சி, காய்ச்சல், சாப்பிடும் மருந்துகள் என்று முதலில் எழுதிவிடுகிறோம். 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலிலும், படமோ அழைப்போ போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. அக்கா பல முறை 'இதை நான் இதுல படிக்க முடியாது, அனுப்பி வை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நோயாளிக்கு அது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது தெளிவான பதில்.

படமே எடுக்காமல் நாங்கள் ஆம்புலன்ஸ் கூப்பிடும் நோயாளிகளும் உண்டு. புது மாத்திரை தொடங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ உடம்பெங்கும் தடிப்பு வந்து, வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண்ணும் இருந்தால். தோல் கொப்பளித்து உரிந்தால். உதடும் முகமும் வீங்கி மூச்சு வாங்கினால். வெளியே தெரியும் தடிப்பைவிட வலி பல மடங்கு அதிகமாக இருந்தால். மாத்திரை அட்டையை மட்டும் கையில் கொடுத்து 108-ல் ஏற்றிவிடுகிறோம், அக்காவுக்குப் போன் அதற்கப்புறம்தான்.